வாய்ஸ் நோட்டில் பேசி முடித்த வேலையும், கோர்ட்டில் ரிட்டர்ன் ஆன என் பேப்பரும்

"ஒப்பந்தமா? பேசிக்கிட்டுதான் இருந்தோம். எதிலும் கையெழுத்துப் போடவில்லையே." வக்கீல் நோட்டீஸுக்கு எதிர்த்தரப்பு அனுப்பிய மூன்று பக்கப் பதிலின் சாரம் இவ்வளவுதான். 40 படம் வரைந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு அதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

நடந்தது இது. சிறுவர்களுக்கான ஒரு செயலிக்குப் படம் வரையக் கேட்டார்கள். நான் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன்: 40 படம், படத்துக்கு இவ்வளவு, 2 திருத்தம் வரை இலவசம், 30% முன்பணம், மீதி முடித்துக் கொடுத்த 15 நாளில். பதில் வாய்ஸ் நோட்டாக வந்தது. "ரேட்டெல்லாம் ஓகே, ஆரம்பிச்சிடுங்க. ஆனா கரெக்‌ஷன் மட்டும் மூணு தடவை பண்ணித் தரணும்." நான் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டேன், 👍. இரண்டு நாளில் முன்பணம் கணக்கில் ஏறியது. எல்லாப் படமும் கொடுத்து முடித்த பிறகு, "திட்டத்தையே கைவிட்டுட்டோம், அட்வான்ஸை வச்சுக்கோங்க" என்று வந்தது.

வக்கீல் மேடம் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சாக முடிந்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10A பிரிவு சொல்கிறது. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே கேட்கிற விஷயங்கள் தனி. படம் வரைவது அதில் வராது. அவர் கேட்ட கேள்வி வேறு: "ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு எந்த இடத்துல சரின்னு சொன்னீங்க?"

நான் பெருமையாக அந்த வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "இது சம்மதமே இல்லைங்க." ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 7-இன்படி சம்மதம் நிபந்தனையில்லாமல் முழுதாக இருக்க வேண்டும். நான் இரண்டு திருத்தம் என்றேன், செயலிக்காரர் மூன்று என்றார். அந்த 'ஆனா' வந்த நொடியிலேயே அது அவர் தரப்பின் புதிய முன்மொழிவாகிவிட்டது. அதற்குச் சரி சொல்ல வேண்டியவன் நான். நான் சொன்னதோ ஒரு கட்டைவிரல்.

கட்டைவிரல் போதுமா? கனடாவில் சஸ்காட்செவன் மாகாண நீதிமன்றம் 2023-இல் போதும் என்று சொல்லியிருக்கிறது. ஆளி விதை விற்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்து வாங்குபவர் அனுப்ப, விவசாயி 👍 போட்டார். சரக்கு வரவில்லை. 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னார்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் அதற்கு முன்பே பலமுறை 'ஓகே', 'ஆமா' என்று ஒற்றைச் சொல்லில் வியாபாரம் முடித்துப் பழகியவர்கள். எங்களுக்கோ இதுதான் முதல் வேலை. 'பார்த்துவிட்டேன் என்றுதான் கட்டைவிரல் போட்டேன்' என்று யாரும் சொல்லிவிடலாம். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தவும் செய்யாது.

என்னைக் காப்பாற்றியது பிரிவு 8. முன்மொழிவில் சொன்னதைச் செய்வதும், அதற்கென்று தரப்பட்ட பணத்தை வாங்கிக்கொள்வதும் சம்மதம்தான். முன்பணம் போட்டது அவர், வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கியது நான். ஆக ஒப்பந்தம் உண்டு, மூன்று திருத்தம் என்ற அவருடைய நிபந்தனையோடு. நல்ல வேளையாக எந்தப் படத்துக்கும் மூன்றாவது திருத்தத்தை நான் மறுத்திருக்கவில்லை. மறுத்திருந்தால் ஒப்பந்தத்தை மீறியவன் நான் ஆகியிருப்பேன்.

'ரேட்டை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரு வாய்ஸ் நோட்டில் விட்டிருந்தால்கூடப் பாடு திண்டாட்டம்தான். என்ன முடிவானது என்றே தெரியாத பேச்சு செல்லாது என்று பிரிவு 29 இருக்கிறது. செய்த வேலைக்கு நியாயமான தொகை என்று கேட்கலாம், ஆனால் எது நியாயம் என்பதற்கு அடுத்த சண்டை.

இதுவரை நன்றாகவே போனது. சொதப்பியது சாட்சியத்தில்.

சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 63 பக்கம் கலரில் பிரிண்ட் போட்டேன். வாய்ஸ் நோட்டை எல்லோரும் கேட்க வசதியாக mp3-ஆக மாற்றி பென் டிரைவில் ஏற்றினேன். இரண்டும் வீண். 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவை வைத்து 65B என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்த சான்றிதழின் புது வடிவம். அதில் இரண்டு பகுதி. பகுதி ஏ-யை நாம் நிரப்ப வேண்டும்: எந்தப் போன், மாடல், ஐஎம்இஐ எண். பகுதி பி-யில் நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். கோப்புக்கு ஒரு கைரேகை மாதிரி அது; உள்ளே ஒரு துளி மாறினாலும் எண் மொத்தமும் மாறிவிடும்.

பகுதி பி பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் யோசிக்கவில்லை. பழைய படிவத்திலேயே கொடுத்து, பேப்பர் ரிட்டர்ன். காரணம் கேட்டால் கவுண்டரில் இருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் "பின்னாடி எழுதியிருக்கு பாருங்க" என்றார். எழுதியிருந்தது ஒரே வரி, அதுவும் படிக்க முடியாத கையெழுத்து. அன்றைய நாள் அப்படியே போனது.

அடுத்து நிபுணரிடம் போனால், "mp3 எதுக்கு? ஒரிஜினல் கோப்பு எங்கே?" என்றார். மாற்றிய கோப்புக்கு வேறு ஹாஷ் வரும், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். அசல் என் பழைய போனில் `PTT-` என்று தொடங்கி `.opus` என்று முடியும் பெயரில் இருந்தது. அந்தப் போனை அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அடித்துப் பிடித்து ஓடினால், கேம் ஏற்ற இடமில்லை என்று ரீசெட் பண்ணும் திரையைத் திறந்து வைத்திருந்தான். தப்பித்தேன்.

விண்டோஸ் கணினியில் நீங்களே சரிபார்க்க ஒரு வரி போதும்:

```
certutil -hashfile PTT-20240812-WA0007.opus SHA256
```

நிபுணர் எடுத்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இரண்டாவது தடவை தாக்கல் செய்தோம். வாய்ஸ் நோட்டில் எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்று தட்டச்சு செய்தும் வைத்தோம். இந்தத் தடவை எடுத்துக்கொண்டார்கள்.

பதில் மனுவில் "சாட் ஜோடிக்கப்பட்டது, குரல் என்னுடையதல்ல" என்று வந்தது. அதற்கு எங்களிடம் இருந்த பதில் ஒரு வங்கிப் பதிவு. முன்பணம் போட்டபோது குறிப்பில் அவரே "40 இல்லஸ்ட்ரேஷன் அட்வான்ஸ்" என்று எழுதியிருந்தார். தொகை என் மெசேஜில் இருந்த கணக்கின் சரியான 30%. ஜோடித்த சாட்டுக்கு யாராவது பைசா பிசகாமல் முன்பணம் போடுவார்களா? என்னைக் கேட்டால், மொத்த வழக்கிலும் கனமான தாள் அந்த ஒரு வரிதான், வாய்ஸ் நோட்டுகூட அதற்கு அடுத்துதான். அசல் போனையும் கொண்டுவந்து நானே கூண்டில் ஏறிச் சொல்லத் தயார் என்றதும் அவர்கள் வக்கீல் சமரசம் பேச வந்தார்.

வட்டி கிடையாது, மீதித் தொகை இரண்டு தவணை என்று முடிந்தது. இந்தத் தடவை ஸ்டாம்ப் பேப்பரில், கையெழுத்தோடு. முதல் தவணை போன வாரம் வந்துவிட்டது. பழைய போனை அக்கா பையன் தினமும் கேட்கிறான். இரண்டாவதும் வரட்டும் என்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.