12 நிமிடத் தளர்வு அமர்வுக்கு உரை எழுதி, பேசிப் பார்த்த அனுபவம்

எங்கள் அலுவலகத்தின் நலவாழ்வுக் கூட்டத்தில் மெதுவான மூச்சுப் பயிற்சி ஒன்றை நடத்தும் வேலை என்னிடம் வந்தது. கூட்ட அறையை 15 நிமிடம் கொடுத்தார்கள். ஆட்கள் உள்ளே வந்து உட்காரவும், முடிந்ததும் எழுந்து கிளம்பவும் மூன்று நிமிடமாவது போகும். ஆக, பேச எனக்கு இருந்தது 12 நிமிடம். அதற்கு நான் எழுதிய உரையைச் சாதாரண வேகத்தில் படித்தால் நாலரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க இடைவெளிதான். இந்த வேலையில் எழுத்தைவிட இடைவெளியைத் திட்டமிடுவதுதான் கடினம் என்பது அப்போதே புரிந்துவிட்டது.

உரையை நான்கு பகுதியாகப் பிரித்தேன்: உட்கார்ந்து நிலைகொள்ள இரண்டு நிமிடம், மூச்சுக்கு ஐந்து, தசைகளைத் தளர்த்த மூன்று, திரும்பி வர இரண்டு. இதில் மூச்சுப் பகுதிதான் எழுத அதிக நேரம் எடுத்தது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். மெதுவான மூச்சுப் பயிற்சிகளில் பெரும்பாலும் அதை ஆறுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். அதாவது ஒரு மூச்சுக்கு 10 வினாடி. உள்ளே நான்கு, வெளியே ஆறு என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். வெளியே விடும் நேரத்தை நீட்டுவதற்கும் காரணம் உண்டு. மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், வெளியே வரும்போது சற்றுக் குறையும். துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடி, மூச்சை விடும்போதுதான் வலுவாக இருக்கிறது. கையில் நாடி பார்த்தபடி மெதுவாக மூச்சு விட்டால் பலருக்கு இது தானாகவே தெரியும்.

ஆனால் அப்போதுதான் மின்னஞ்சலை மூடிவிட்டு வந்து உட்கார்ந்த ஒருவரிடம், முதல் வரியிலேயே நான்குக்கு ஆறு என்று எண்ண ஆரம்பித்தால் அவரால் முடியாது. நான்கு, ஐந்து என்று எண்ணும்போதே மூச்சு தீர்ந்துபோய், அடுத்த மூச்சை அவசரமாக இழுப்பார். அதனால் படிப்படியாக இறங்கினேன். முதல் அரை நிமிடம் எண்ணிக்கையே கிடையாது, மூச்சு எப்படிப் போகிறதோ அப்படியே கவனிப்பது மட்டும். அடுத்து ஒரு நிமிடம் உள்ளே மூன்று, வெளியே நான்கு. ஏழு வினாடிக்கு ஒரு மூச்சு என்பதால் நிமிடத்துக்கு எட்டரை வாக்கில் வரும். அதன் பிறகுதான் நான்குக்கு ஆறு.

உரையில் அந்தப் பகுதி இப்படி இருந்தது:

மூச்சு இப்போது எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்கட்டும். (10 வினாடி)
அடுத்து மூச்சு உள்ளே வரும்போது, என்னோடு சேர்ந்துகொள்ளலாம். (4 வினாடி)
உள்ளே… இரண்டு… மூன்று…
வெளியே… இரண்டு… மூன்று… நான்கு…

இதில் 'உள்ளே' என்ற சொல்லே முதல் எண்ணாக நிற்கிறது. 'உள்ளே, ஒன்று, இரண்டு' என்று எழுதினால் ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு வினாடி கூடிவிடும். மேடையில் நின்று பேசும்போது அதைக் கவனிக்கவே முடியாது. இன்னொன்று, குறிப்பை முன்கூட்டியே சொல்ல வேண்டும். 'சேர்ந்துகொள்ளலாம்' என்று சொல்லி நான்கு வினாடி விடுவது, ஆளுக்கொரு இடத்தில் இருக்கும் மூச்சு முடிந்து அடுத்தது தொடங்க நேரம் கொடுக்கத்தான்.

'ஆழமாக மூச்சை இழுங்கள்' என்ற வரியை நான் உரையில் சேர்க்கவே இல்லை. அதைக் கேட்டதும் எல்லாரும் மார்பை விரித்துத் தோளைத் தூக்கி, நுரையீரல் முட்டும் அளவு இழுப்பார்கள். மூச்சு மெதுவாகும்போது கொஞ்சம் ஆழமாவது இயல்பு, அது தானாக நடக்கும். தேவைக்கு மேல் பெரிதாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். தலை லேசாகச் சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். தளர வந்தவர் பயந்துபோவார். அதனால் 'பெரிய மூச்சு தேவையில்லை, வழக்கமான அளவே போதும், மெதுவாக மட்டும்' என்று எழுதினேன். மூச்சைப் பிடித்து வைக்கும் கட்டத்தையும் விட்டுவிட்டேன். ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்று யார் அந்த அறையில் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அலுவலகத்தில் அதைக் கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது.

எழுதி முடித்ததும் குரலைப் பதிவு செய்து கேட்டேன். பேசும்போது ஆறு வினாடி இடைவெளி ரொம்ப நீளமாகத் தோன்றும். பதிவில் கேட்டால் அதுவே மூன்று வினாடிதான் இருக்கும். பேசுபவருக்குப் பதற்றம் கூடக்கூட வினாடி சுருங்கிவிடுகிறது. மனத்துக்குள் எண்ணுவதை நம்பிப் பயனில்லை என்று, கைபேசியில் தாளம் காட்டும் செயலியை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒலியை அணைத்து, அதிர்வு மட்டும் வருமாறு பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு எண்ணிக்கை சீரானது.

அடுத்த சிக்கல் என் மூச்சு. பேச்சு வெளிமூச்சில்தான் வரும். மற்றவர்கள் உள்ளே இழுக்கும்போது நான் 'உள்ளே, இரண்டு, மூன்று, நான்கு' என்று என் மூச்சைச் செலவழித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் விடும்போதும் அதேதான். நான்கைந்து சுற்று இப்படிப் போனால் குரல் மூச்சு வாங்குவதுபோல் ஆகும், கேட்பவர்களுக்கும் அது தொற்றும். இதற்கு நான் கண்ட வழி: முதல் ஆறு மூச்சுக்கு, அதாவது ஒரு நிமிடத்துக்கு, முழு எண்ணிக்கை. அதன்பின் எண்களை விட்டுவிட்டு 'உள்ளே', 'வெளியே' என்ற இரண்டு சொல் மட்டும். சொல்லை முடித்ததும் நானும் அவர்களோடு மூச்சு விடலாம். கடைசி ஒரு நிமிடம், 'இப்போது உங்கள் வேகத்திலேயே தொடரலாம்' என்று சொல்லிவிட்டு முழு அமைதி. அங்கே சிலர் பழைய வேகத்துக்குத் திரும்புவார்கள். திரும்பட்டும், பரவாயில்லை.

வாக்கியத்தின் நீளமும் பாடாய்ப் படுத்தியது. தமிழில் வினை கடைசியில் வருவதால், 'இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாகப் பதியும்படி சற்று அகலமாக வைத்து' என்று இழுத்தால், கடைசிச் சொல் வரும்வரை கேட்பவர் என்ன செய்வது என்று காத்துக்கொண்டே இருப்பார். 'பாதங்கள் தரையில் இருக்கட்டும். கொஞ்சம் அகலமாக வைக்கலாம்' என்று உடைத்தேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். 'கண்ணை மூடுங்கள்' என்பதையும் 'கண்களை மூடிக்கொள்ளலாம், இல்லையென்றால் தரையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்' என்று மாற்றினேன். மேலதிகாரி பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது கண்ணை மூடி உட்கார எல்லாருக்கும் மனசு வராது.

தசைப் பகுதி எளிதாக அமைந்தது. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கிய முறையின் சுருக்கம்தான் அது: ஒரு தசைக் குழுவை ஐந்து வினாடி இறுக்கி, சட்டென்று விட்டு, அந்த வித்தியாசத்தை 15 வினாடி கவனிப்பது. முழு உடலுக்கும் செய்ய நேரமில்லாததால் கைமுட்டி, தோள், முகம் என்ற மூன்றை மட்டும் எடுத்தேன். கழுத்துவலி உள்ளவர்கள் தோளை விட்டுவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன்.

சரி, அமர்வு நாளுக்கு வருவோம். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலிகள் நழுவுவதால் ஒவ்வொன்றையும் சுவரை ஒட்டித் தள்ளிவைத்தேன். பேசும்போது தாளைவிட அதிகமாக ஆட்களைப் பார்த்தேன். வேகம் சரியா என்று அவர்கள் உடலே சொல்லிவிடும். உள்ளே என்றதும் தோள்கள் மேலே ஏறினால் அதிகமாக இழுக்கிறார்கள் என்று பொருள். எண்ணிக்கை முடியும் முன்பே பெருமூச்சுகள் கேட்டால் நான் மெதுவாகப் போகிறேன் என்று பொருள். நான்குக்கு ஆறுக்கு மாறியதும் ஜன்னல் பக்கம் இருந்து இரண்டு மூன்று பெருமூச்சு வந்தது. 'ஆறு வரை போகாவிட்டாலும் சரி, ஐந்திலேயே அடுத்த மூச்சுக்குப் போகலாம்' என்று சேர்த்துச் சொன்னேன். அடுத்த சுற்றில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

ஒரு பெண் மட்டும் நடுவிலேயே கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முடிந்ததும் தனியாக வந்து, "மூச்சைக் கவனிச்சாலே எனக்குப் படபடன்னு வருதுங்க. எல்லாருக்கும் நல்லா இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார். அவருக்கு மட்டும் வருவதில்லை. தளரும்போதே பதற்றம் கூடுவது உளவியலில் அறியப்பட்ட விஷயம்தான், மூச்சின்மீது கவனத்தைத் திருப்பும்போது சிலருக்கு அது இன்னும் எளிதில் கிளம்பும். அவரிடம், "அடுத்த தடவை மூச்சை விட்டுடுங்க, பாதம் தரையில் படுறதை மட்டும் கவனிங்க, கண்ணும் திறந்தே இருக்கட்டும்" என்றேன். பிறகு அந்த வரியை உரையின் தொடக்கத்திலேயே எல்லாருக்குமாக எழுதிவிட்டேன். எண்ணிக்கை பிடிக்காதவர்கள் யாரிடமும் விளக்கம் சொல்லாமலே அந்த வழிக்குப் போய்விட முடிகிறது.

திரும்பி வரும் பகுதியைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் நிறைய. ஒருவர் லேசாகக் குறட்டை விட்டிருந்தார். அப்படிப்பட்டவரைத் தட்டி எழுப்பாமல் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இயல்பான அளவுக்கு உயர்த்தினால் போதும். விரல்களை அசைப்பது, தோளைச் சுழற்றுவது, கண்ணைத் திறந்து அறையில் மூன்று பொருளைப் பார்ப்பது, அப்புறம் எழுவது, இதுதான் வரிசை. சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலைசுற்றும், குறிப்பாக இரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்களுக்கு.

இப்போது அதே உரையின் ஏழு நிமிடச் சுருக்கம் ஒன்றும் வைத்திருக்கிறேன், கூட்டங்கள் தாமதமாகத் தொடங்குவது வழக்கம்தானே. அதில் தசைப் பகுதி முழுக்கப் போய்விட்டது, தொடக்கம் ஒரு நிமிடமாகிவிட்டது, அமைதியான ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டு மூச்சு நான்கு நிமிடமானது. திரும்பி வரும் இரண்டு நிமிடத்தில் மட்டும் கைவைக்கவில்லை.