பிளேக் அஸே செய்முறைத் தேர்வு: கணக்கிலும் வைவாவிலும் கேட்பது

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் ஒரு கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று, அது பாக்டீரியா படலத்தில் உண்டாக்கும் தெளிந்த வட்டங்களான பிளேக்குகளை எண்ணிக் கண்டுபிடிப்பதுதான் பிளேக் அஸே. இதில் கைவேலையைப் பெரும்பாலோர் ஒழுங்காகவே முடித்துவிடுவார்கள். கணக்கிலும் வைவாவிலும்தான் மாட்டிக்கொள்வார்கள். நான் தேர்வுக்குத் தயாரானபோது எனக்கு உதவியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நீர்த்தல். 0.9 மி.லி. திரவம் உள்ள குழாயில் 0.1 மி.லி. ஃபேஜ் கரைசலை விட்டால் 10 மடங்கு நீர்க்கும். நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 0.1 மி.லி. எடுத்து அடுத்த குழாயில் விட வேண்டும். ஆறாவது குழாயில் நீர்த்தல் 10⁻⁶. ஒவ்வொரு முறையும் டிப்பை மாற்றியே ஆக வேண்டும். பழைய டிப்பின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் துளியில் அடுத்த குழாய்க்குப் போக வேண்டியதைவிடப் பல மடங்கு ஃபேஜ் இருக்கலாம்.

அப்புறம், நீர்த்த கரைசலில் 0.1 மி.லி. எடுத்து, சுறுசுறுப்பாக வளரும் ஈ. கோலையுடன் கலந்து, சில நிமிடம் விட்டு, 45 டிகிரி அளவில் உருகிய நிலையில் இருக்கும் மென் அகரில் சேர்த்துத் தட்டில் ஊற்றுவோம். அகர் அதிகச் சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். ஃபேஜே சேர்க்காத கன்ட்ரோல் தட்டிலும் படலம் திட்டுத்திட்டாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

37 டிகிரியில் ஓர் இரவு வைத்து எடுத்ததும் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 10⁻⁵ தட்டில் பிளேக்குகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியவில்லை, 10⁻⁶ தட்டில் 142, 10⁻⁷ தட்டில் 15. எண்ணுவதற்கு 30 முதல் 300 வரை உள்ள தட்டையே எடுப்பது வழக்கம், ஆகவே 142.

142 ÷ (10⁻⁶ × 0.1) = 1.42 × 10⁹

அதாவது மூலக் கரைசலில் மி.லி.க்கு 1.42 × 10⁹ பி.எஃப்.யூ. அந்த 0.1-ஐ மறந்தால் விடை பத்தில் ஒரு பங்காகிவிடும். மதிப்பெண் அதிகம் போவது இந்த இடத்தில்தான். 15 என்பது 142-இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நீர்த்தல் சரி என்பதற்கு அதுவே சாட்சி. அங்கே 50 வந்திருந்தால் டிப்பையோ கலக்கியதையோதான் சந்தேகிப்பேன்.

வைவாவில் தவறாமல் வரும் கேள்வி: "அப்படியானால் 1.42 × 10⁹ ஃபேஜ் துகள்கள் இருக்கின்றனவா?" இல்லை. ஒரு பிளேக்கைத் தொடங்கிவைக்கும் அலகுதான் பி.எஃப்.யூ. தனி ஃபேஜ் ஒன்று செல்லில் புகுந்து பெருகி, உடைத்து வெளிவந்து, சுற்றியுள்ள செல்களை அழித்தால் தெளிந்த வட்டம் விழும். குறைபட்ட துகள் எந்தத் தடயமும் விடாது. நாலைந்து துகள்கள் ஒட்டிக்கொண்டு விழுந்தாலும் பிளேக் ஒன்றுதான். அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எண்ணினால் பொதுவாகக் கூடுதலாகவே வரும். டி4 ஃபேஜை அது ஒட்டவே முடியாத ஈ. கோலை வகையில் சோதித்தால் பி.எஃப்.யூ. பூஜ்யம், குழாயில் துகள்களோ அப்படியே இருக்கும். எந்த பாக்டீரியாவில் எண்ணினீர்கள் என்பதையும் விடையோடு எழுதிவிடுங்கள்.