எமோஜியை அச்சுக்குக் கொண்டுபோன கதை

ஒரு டீக்கடைக்காரர் போஸ்டர், மக், வாசலுக்கு எட்டுக்கு நாலு அடி ஃப்ளெக்ஸ் மூன்றும் கேட்டார். ஐபோனிலேயே டிசைன் செய்து அனுப்பியிருந்தார். நடுவில் பெரிய 😂, ஓரத்தில் ☕. மக்கை அவர் விற்கவும் போகிறார். இது வணிகப் பயன்பாடு என்பதால் முதலில் உரிமத்தைப் பார்க்க உட்கார்ந்தேன்.

கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல் யூனிகோடு. 😂 என்கிற குறி அதில் இருக்கிறது, எண் U+1F602. அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் திரையில் தெரியும் மஞ்சள் முகத்தை ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கு. ஆப்பிளின் படங்களுக்குத் திறந்த உரிமம் கிடையாது, ஆகவே அதை மக்கில் அடித்து விற்கும் யோசனையைக் கைவிட்டேன். கடைக்காரர் கேட்டார், "ஏன் சார், எல்லாரும் போனில் அனுப்புறாங்களே?" அனுப்பும்போது போவது எண் மட்டும்தான், படத்தை அவரவர் போனே வரைந்து காட்டுகிறது. மக்கில் போவதோ படமேதான்.

இதில் இன்னொரு வம்பு இருக்கிறது. எமோஜியை எழுத்தாக டைப் செய்து, எழுத்துருவைக் கோப்போடு சேர்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கே திறக்கும் கணினி தன்னிடம் உள்ள எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது Segoe UI Emoji. ஆக, படம் மாறும், உரிமமும் கூடவே மாறும். அதனால் எமோஜியை எழுத்தாக விடாமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத SVG வடிவப் படமாகவே வைத்தேன்.

திறந்த உரிமத் தொகுப்புகளில் முதலில் ஓப்பன்மோஜியைப் பார்த்தேன். அதன் உரிமம் CC BY-SA 4.0, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் ஒன்று. படத்தை மாற்றி வேறொரு ஆக்கத்தில் சேர்த்தால் அந்த ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். தன் கடை டிசைனை ஊருக்கே பொதுவாக்க எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? அடுத்தது ட்வெமோஜி. ட்விட்டர் வெளியிட்டது, படங்களுக்கு CC BY 4.0. விற்கலாம், மாற்றலாம், பெயர் சொன்னால் போதும். தட்டையான நிறங்கள் என்பதால் கோரல்டிராவிலும் தொல்லை தரவில்லை. எண்ணே கோப்பின் பெயர்: `1f602.svg`.

ஃப்ளெக்ஸில் முகம் இரண்டடி, அதாவது 61 செ.மீ. உயரம். 512 பிக்சல் PNG-ஐ அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு சுமார் 21 பிக்சல்தான் வரும். எதிர்ப்புறம் நின்று பார்த்தாலே கட்டம் கட்டமாகத் தெரியும். SVG-க்கு இந்தச் சிக்கலே இல்லை.

பெயர் சொல்வதுதான் இழுபறியாகிவிட்டது. போஸ்டரிலும் ஃப்ளெக்ஸிலும் சுலபம், அச்சகத்தின் பெயர் போடும் மூலையில் ஒரு வரி. கடையின் நிறத்துக்கு ஏற்ப முகத்தை ஆரஞ்சாக்கியிருந்ததால் அதையும் சொல்ல வேண்டும்:

```
Emoji: Twemoji © Twitter, Inc. and other contributors,
CC BY 4.0 (creativecommons.org/licenses/by/4.0), colour changed
```

மக்கில் இதைப் போடக் கடைக்காரர் விடவில்லை. சூட்டில் சாயத்தை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு மக்கின் வெளிச்சுவரில்தான் ஒட்டும், அடியில் போடவும் வழியில்லை. உரிமத்தைத் திரும்பப் படித்தேன். ஊடகத்துக்கும் சூழலுக்கும் ஏற்ற நியாயமான எந்த முறையிலும் பெயர் குறிக்கலாம் என்று 3(a)(2) பிரிவில் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்தால் போதும் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சரி என்றார், அப்புறம் சொன்னார், "பாதி மக்கை டீயோட சேர்த்து, பெட்டி இல்லாமத்தான் விப்பேன்."

பெட்டி இல்லையென்றால் சீட்டும் இல்லை. அந்தப் பாதிக்கு நோட்டோ எமோஜிக்குப் போனேன். கூகுளின் இந்த எழுத்துரு, எழுத்துருக்களுக்கென்றே உள்ள SIL OFL 1.1 என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. எழுத்துருவையே தனியாக விற்கக் கூடாது. ஆனால் அதை வைத்து உருவாக்கும் ஆவணங்களுக்கு அந்த உரிமம் தொடர வேண்டியதில்லை. அச்சிடுவதும் பொருள் செய்வதும் சரியே என்று OFL-இன் கேள்வி பதில் பகுதியிலும் இருக்கிறது. மக்கில் பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் நான் எடுத்த பதிப்பில் ஒவ்வொரு எமோஜியும் 136 பிக்சல் அகலப் படம்தான். 300 dpi-இல் அது சுமார் 11.5 மி.மீ. ஆகவே பெரிய முகத்தை விட்டுவிட்டு, மக்கைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவில் ☕ வரிசையாக ஓடும் டிசைன் செய்தேன். கடைக்காரருக்கு அதுதான் அதிகம் பிடித்தது. எனக்கென்னவோ பெரிய முகம்தான் நன்றாக இருந்தது.

மக்குக்கு "எமோஜி மக்" என்று பெயர் வைக்கவும் ஆசைப்பட்டார். அது வேண்டாம் என்றேன். emoji என்ற சொல்லை ஜெர்மனியின் ஒரு நிறுவனம் பல நாடுகளில் வணிகச்சின்னமாகப் பதிந்து வைத்திருக்கிறது, படத்துக்கு வாங்கிய உரிமம் பெயருக்குச் செல்லாது. கடையின் பெயரிலேயே மக் விற்பனைக்குப் போனது.