மாமாவின் பயொப்சி ரிப்போர்ட்: கிரேட், மார்ஜின், ஸ்டேஜ் என்று நாங்கள் வாசித்த விதம்

மாமாவுக்கு வலது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. விசுவமடுப் பக்கம் வயலோடு இருக்கிற மனிசன், வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு புகையிலை எல்லாவற்றையும் ஒரு கொடுப்பில் அடக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிற பழக்கம், புண்ணும் அந்த அடக்கி வைக்கிற இடத்தில்தான். மூன்று கிழமைக்கு மேலாகியும் ஆறாத வாய்ப்புண் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும் என்று பல் கிளினிக்கில் சொல்லி மேலே அனுப்பினார்கள், அங்கே ஓரத்தில் சின்னச் சதைத் துண்டு ஒன்று வெட்டி எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பினார்கள். யாராவது இதே நிலைமையில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தால் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் ரிப்போர்ட் ஒரு பக்கம்தான். மேலே ‘இன்சிஷனல் பயொப்சி, வலது பக்கல் மியூகோசா’ என்று இருந்தது. பக்கல் மியூகோசா என்றால் கன்னத்தின் உட்தோல். கீழே முடிவு: ‘மொடரேட்லி டிபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, கிரேட் 2’. அதற்கும் கீழே இன்னொரு வரி: ‘ஆழப்பக்க மார்ஜினில் கட்டி இருக்கிறது’.

படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டதும் கனடாவில் இருக்கிற அத்தான் உடனே எடுத்தார். "கிரேட் ரெண்டு எண்டால் ரெண்டாம் கட்டம், மார்ஜினிலயும் இருக்கெண்டால் உள்ளுக்குப் பரவீட்டுது." மாமி அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டு விளக்கமுமே பிழை. அத்தானைக் குறை சொல்லவில்லை, அந்தக் காகிதத்தைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற தெரிந்த அக்கா ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முதலில் சொன்னது, கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு, இரண்டிலும் இலக்கம் வருகிறதே தவிர ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்க்கவே கூடாது என்று. கிரேட் என்பது நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்கள் எப்படித் தெரிகின்றன என்பது மட்டும். வாயின் உட்தோல் கலங்களைப் போலவே ஓரளவு ஒழுங்காக, கெரட்டின் எல்லாம் உண்டாக்கிக்கொண்டு இருந்தால் வெல் டிபரென்ஷியேட்டட், அது கிரேட் 1. எந்தக் கலம் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போயிருந்தால் புவர்லி டிபரென்ஷியேட்டட், கிரேட் 3. மாமாவுடையது நடுவில். கட்டி எவ்வளவு பெரிது, எங்கே போயிருக்கிறது என்பதைப் பற்றி கிரேட் ஒன்றுமே சொல்லாது, அதைச் சொல்வது ஸ்டேஜ். வாய்ப் புற்றுநோயில் சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது கிரேட்டை விடக் கட்டியின் ஆழத்துக்கும் கழுத்து நெறிக்கட்டிகளுக்கும்தான் கூடின கவனம் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

அந்த மார்ஜின் வரிதான் எனக்குப் பெரிய பயம். அதற்கு அக்கா திருப்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இது கட்டியை முழுசா எடுத்ததா, துண்டு மட்டும் எடுத்ததா?" துண்டு மட்டும்தான். ‘இன்சிஷனல்’ என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. கட்டிக்குள்ளேயே வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் கட்டி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? என்ன நோய் என்று பெயர் கண்டுபிடிக்கத்தான் அந்தத் துண்டு, அதன் ஓரத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதே வரி முழுக் கட்டியையும் எடுத்த ‘எக்சிஷன்’ ரிப்போர்ட்டில் வந்திருந்தால் அது முக்கியமான செய்தி. ஆகவே யார் வாசித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, மேலே என்ன மாதிரி எடுத்த துண்டு என்று எழுதியிருக்கிற அந்த ஒரு வரியை. மாமியிடம் வந்து இதைச் சொன்னபோது, "அப்ப ஏன் அதை எழுதி வைக்கினம்?" என்று கோபப்பட்டா. நியாயமான கேள்வி. கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுவது அவர்கள் வேலை, அது வைத்தியருக்கு எழுதுகிற கடிதம், எங்களுக்கு எழுதுவது இல்லை.

அப்புறம் சி.ரி. ஸ்கேன், பிறகு யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன். கன்னத்தில் கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு வெட்டி எடுத்து, அதே பக்கக் கழுத்திலிருந்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த இரண்டாவது ரிப்போர்ட்தான் உண்மையான கணக்கு, அது வந்து சேரக் கொஞ்சம் காலம் எடுத்தது.

இதில் மார்ஜின் ஒரு சொல்லாக வரவில்லை, திசை திசையாக அளவுகளாக வந்தது: முன்பக்கம் 9 மில்லிமீற்றர், பின்பக்கம் 6, மேலே 7, கீழே 8, ஆழப்பக்கம் 3. எப்படி அளக்கிறார்கள் என்று அக்கா சொல்லித்தான் விளங்கிற்று. சத்திரசிகிச்சை செய்தவர் எது முன்பக்கம் எது மேற்பக்கம் என்று தெரிவதற்கு அந்தத் துண்டில் ஒரு தையல் போட்டு அனுப்புவார். ஆய்வுகூடத்தில் துண்டின் வெட்டு முகம் முழுக்க மை பூசுவார்கள். பிறகு மெல்லிசாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது மைக்கோட்டுக்கும் கடைசிப் புற்றுக் கலத்துக்கும் இடையே எவ்வளவு நல்ல சதை இருக்கிறது என்று அளப்பார்கள். கோரையைக் கிழங்கோடும் சுற்றி மண்ணோடும் தோண்டி எடுத்தால்தானே திரும்ப முளைக்காது, அந்தச் சுற்றி இருக்கிற மண்தான் மார்ஜின்.

வாய்ப் புற்றுநோயில் 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் ‘கிளியர்’, 1 முதல் 5க்குள் என்றால் ‘குளோஸ்’, 1க்கும் குறைவு என்றால் ‘இன்வோல்வ்ட்’ என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். இந்த அளவு எல்லாப் புற்றுநோய்க்கும் பொருந்தாது. மார்பகத்துக்கு வேறு கணக்கு, அதனால் வேறு ஒருவருடைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம். மாமாவுக்கு நாலு பக்கம் கிளியர், ஆழப்பக்கம் 3 என்பதால் குளோஸ். "ஒரு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுறம் எண்டு சொன்னவை, பிறகெப்பிடி 3 வந்தது?" என்று மாமா கேட்டார். வெட்டி எடுத்ததும் சதை தானாகவே சுருங்கும், போர்மலினில் போட்டதும் இன்னும் சுருங்கும், கன்னத்தில் உட்தோலுக்கும் வெளித்தோலுக்கும் இடையே தடிப்பும் குறைவு என்று கிளினிக்கில் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆழப்பக்கம்தான் இப்படிக் கிட்டவாக வருவது வழக்கமாம்.

அடுத்தது நெறிக்கட்டிகள். ‘லெவல் ஒன்று 0/5, லெவல் இரண்டு 1/9, லெவல் மூன்று 0/7’ என்று இருந்தது. மச்சாள் இதைப் புள்ளி என்று நினைத்து ஒன்பதுக்கு ஒன்றா என்று கேட்டாள். லெவல் என்பது கழுத்தில் ஒரு மட்டம், கீழே இருப்பது அந்த மட்டத்தில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, மேலே இருப்பது அதில் புற்று இருந்தவை. ஆக மொத்தம் 21 பார்த்ததில் ஒன்றில் இருந்திருக்கிறது, அதற்குள் இருந்த புற்று 12 மில்லிமீற்றர். அதற்குப் பக்கத்தில் ‘எக்ஸ்ட்ராநோடல் எக்ஸ்டென்ஷன் இல்லை’ என்று ஒரு வரி. என்னைப் பொறுத்தவரை முழு ரிப்போர்ட்டிலும் நல்ல செய்தி அதுதான். நெறிக்கட்டியின் உறையை உடைத்துக்கொண்டு புற்று வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

கடைசியில் pT2 pN1 என்று இருந்தது. முன்னால் உள்ள சின்ன p, வெட்டி எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்துச் சொன்னது என்பதைக் காட்டுகிறது; ஸ்கேனையும் கையால் தடவிப் பார்த்ததையும் வைத்துச் சொல்வதற்கு c போடுவார்கள். T என்பது கட்டி. மாமாவுடைய கட்டி 28 மில்லிமீற்றர் அகலம், 7 மில்லிமீற்றர் ஆழம். 2 சென்ரிமீற்றரைத் தாண்டி 4க்குள், ஆழமும் 10 மில்லிமீற்றருக்குள் என்பதால் T2. அதே அகலத்தில் ஆழம் 10ஐத் தாண்டியிருந்தால் T3 ஆகியிருக்கும். அகலத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆழம் எழுதியிருக்கிற வரியைத் தவற விடாதீர்கள். N1 என்பது அதே பக்கத்தில் ஒரே ஒரு நெறிக்கட்டி, 3 சென்ரிமீற்றருக்குள், உறை உடையவில்லை என்பது. M ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. மறைத்துவிட்டார்களோ என்று மாமி சந்தேகப்பட்டா. நுரையீரல் மாதிரித் தூரத்து இடங்களுக்குப் போயிருக்கிறதா என்பதைக் கன்னத்துத் துண்டை வைத்துச் சொல்ல முடியாது, அது ஸ்கேனில் பார்ப்பது. மாமாவின் ஸ்கேனில் அப்படி ஒன்றும் இல்லை, ஆகவே M0.

இவை மூன்றையும் சேர்த்து டொக்டர் ஸ்டேஜ் 3 என்றார். கிரேட் 2, T2, N1, ஸ்டேஜ் 3 என்று நாலு இலக்கம், நாலும் நாலு விஷயம். கழுத்தில் ஒரு நெறிக்கட்டி வந்துவிட்டாலே கட்டி சின்னதாக இருந்தாலும் குறைந்தது ஸ்டேஜ் 3 ஆகிவிடும், அதுதான் காரணம். அந்த நெறிக்கட்டி உறையை உடைத்திருந்தால் N2, அதோடு ஸ்டேஜ் 4ஏ. இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது: வாய்ப் புற்றுநோயில் 4ஏ என்று எழுதியிருந்தாலும் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை. தூர இடத்துக்குப் போனதற்கு 4சி என்று தனியாக இருக்கிறது. வார்ட்டில் பக்கத்துக் கட்டில் ஐயாவின் மகள் 4ஏ என்று கேட்டுவிட்டு இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று அழுதுகொண்டிருந்தா, அந்த ஐயாவுக்கும் குணப்படுத்துகிற நோக்கத்தோடுதான் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள்.

கிளினிக்கில் நேரம் குறைவு என்பதால் கேள்விகளை முதலே கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். ஒன்று, எந்த மார்ஜினாவது குளோஸா, திரும்ப வெட்ட வேண்டுமா. இரண்டு, இந்த ரிப்போர்ட்டில் அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கிற வரி எது. இந்த இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். டொக்டர் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டுக் காட்டினார்: ஆழப்பக்கம் 3 மில்லிமீற்றர், அந்த ஒரு நெறிக்கட்டி, அப்புறம் நான் கவனிக்காமலே விட்டிருந்த ‘பெரினியூரல் இன்வேஷன் இருக்கிறது’ என்ற வரி, அதாவது புற்று ஒரு நரம்பின் வழியே ஊர்ந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால் திரும்ப வெட்டாமல் கதிர் சிகிச்சை கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். மார்ஜின் இன்வோல்வ்ட் ஆகவோ உறை உடைந்தோ இருந்திருந்தால், உடம்பு தாங்கும் என்றால் அதோடு மருந்தும் ஏற்ற யோசித்திருப்போம் என்றார்.

ஒப்பரேஷன் முடிந்து ஆறு கிழமைக்குள் கதிரைத் தொடங்குவது நல்லது, அதற்கு முன்னம் பழுதான பற்களைப் பிடுங்கி, அந்தக் காயம் ஆறவும் வேண்டும், கதிருக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அதனால் ரிப்போர்ட் வந்த உடனே நேரில் போய் எடுத்து, இரண்டு போட்டோக்கொப்பி அடித்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்தோம். கதிருக்காகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனபோது முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். மாமாவுக்குப் பல் பிடுங்கின காயம் ஆறிவிட்டது, அடுத்த கிழமை கதிர் தொடங்குகிறார்கள்.