மாடி வீட்டை வாடகைக்கு விட நான் எழுதிய இரண்டு விளம்பரங்கள்

எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொன்ன அன்று இரவே, வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் போட்டேன். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "நல்ல காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள அழகான மாடி வீடு, அமைதியான சூழல், எல்லாமே பக்கத்தில்" என்று ஆரம்பித்து ஜன்னல், பால்கனி, சுவர் நிறம் எல்லாவற்றையும் வர்ணித்துவிட்டு, கடைசியில் "நல்ல குடும்பத்துக்கு மட்டும். வாடகை நேரில் பேசிக்கொள்ளலாம். உடனே அழைக்கவும்" என்று முடித்திருந்தேன். கூடவே ஏழு படங்கள்.

அழைத்தார்கள். மூன்று நாளில் 31 அழைப்பு. இரண்டாம் நாள் மதியமே சலித்துப்போய், பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்று கோடு போட ஆரம்பித்தேன். முதல் நாள் அழைப்புகளை நினைவிலிருந்து சேர்த்துக்கொண்டேன். "வாடகை எவ்வளவு?" என்பதற்கு நேராக மட்டும் 19 கோடுகள். தொகையைச் சொன்னதும் அவர்களில் பாதிப் பேர் "சரிங்க, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்கள். அடுத்தது முன்பணம், அப்புறம் கார் நிறுத்த இடம், அப்புறம் "எப்போ வந்து பார்க்கலாம்?" ஜன்னலைப் பற்றியும் பால்கனியைப் பற்றியும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் பத்து வரி எழுதியது அவற்றைப் பற்றித்தான்.

வாடகையை எழுத வேண்டாம் என்று சொன்னது என் மச்சான். "தொகையைப் போட்டால் போனிலேயே பேரம் ஆரம்பிச்சிடும். முதல்ல வந்து பார்க்கட்டும், வீடு பிடிச்சா தானா ஒத்துக்குவாங்க" என்பது அவர் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடந்ததோ வேறு. இரண்டு குடும்பங்கள் வாடகை கேட்காமலேயே நேரில் வந்தன. அதில் ஒரு குடும்பத்துக்கு வீடு மிகவும் பிடித்துவிட்டது. தொகையைச் சொன்னதும் அந்த அம்மா கணவர் முகத்தைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். அவர்கள் கைக்கு எட்டாத வாடகை அது. அரை நாள் செலவழித்து வந்தவர்களிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? பேரம் பேசுகிறவர்கள் தொகை எழுதியிருந்தாலும் பேசுவார்கள், எழுதாவிட்டாலும் பேசுவார்கள்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் நேராக மாடிக்கே போய் மணி அடித்துவிட்டார். குடியிருந்தவர்களுக்குக் கைக்குழந்தை. அந்தப் பெண் இறங்கி வந்து, கோபமாகக்கூட இல்லை, "அண்ணா, பாப்பா இப்பதான் தூங்கினா. ஒரு நேரம் சொல்லிட்டீங்கன்னா வசதியா இருக்கும்" என்றார். அவர்கள் வாடகை கொடுத்து வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டை நான் கண்காட்சிபோல் திறந்துவிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை பழைய செய்தியை நீக்கினேன். இரண்டு நாள் சொச்சம் வரைதான் வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக நீக்க முடியும் என்பதால், கடைசி நேரத்தில் பிழைத்தது. ஆனால் நீக்கினால் அந்தக் குழுவில் மட்டும்தான் போகும். அதற்குள் அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள். அந்தப் பிரதிகள் என் கையை விட்டுப் போய்விட்டன.

இரண்டாவது விளம்பரத்தை அந்த ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். எந்தக் கேள்விக்கு அதிகக் கோடு விழுந்ததோ அது மேலே. அவ்வளவுதான் முறை. வாடகைக்கும் முன்பணத்துக்கும் சுலபமாக வரிகள் வந்துவிட்டன. இழுத்தடித்தது 'யாருக்கு' என்ற வரிதான்.

முதல் விளம்பரத்தில் "நல்ல குடும்பத்துக்கு மட்டும்" என்று எழுதியதற்கு, வேலைக்குப் போகும் அண்ணன் தங்கை இருவர் "நாங்க குடும்பம்தானே?" என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவிடம் புலம்பியபோது அவள் கேட்டாள்: "உனக்கு உண்மையிலேயே என்ன பயம்? அதை எழுது." யோசித்துப் பார்த்தால் என் பயம் மூன்றுதான். கீழே அம்மா ஒன்பதரைக்கே படுத்துவிடுவார், மேலே இரவில் சத்தம் கேட்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி சின்னது, நான்கு பேருக்கு மேல் தாங்காது. வாசலில் ஒரு பைக்குக்குத்தான் இடம். இவற்றில் எதற்கும் வருகிறவர் கல்யாணமானவரா, எந்த ஆட்கள் என்பதோடு சம்பந்தமே இல்லை. ஆளை வகைப்படுத்தி எழுதுவது பல இடங்களில் சட்டப்படியே தவறு என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது வேலைக்கும் ஆகாது. 'நல்ல குடும்பம்' என்று படித்துவிட்டு "நாம் நல்ல குடும்பமில்லை" என்று யாராவது விலகுவார்களா? 'கார் நிறுத்த இடமில்லை' என்று படித்தால் கார் வைத்திருப்பவர் தானாக விலகிவிடுவார்.

முன்பணத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. தொகையை மட்டும் எழுதினால் "எப்போ கொடுக்கணும், திரும்பி வருமா?" என்று அடுத்த கேள்வி வரும் என்பது ரசீதில் தெரிந்தது. அதனால் எப்போது வாங்குவேன், எப்போது திருப்பித் தருவேன், எதற்குப் பிடிப்பேன் என்று மூன்றையும் அதே வரியில் வைத்தேன்.

எழுதி முடித்ததை இங்கே அப்படியே தருகிறேன். தொகை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வாடகையை 100 என்று வைத்து மற்றதை அந்தக் கணக்கில் மாற்றியிருக்கிறேன். இடமும் எண்ணும் மட்டும் எடுத்துவிட்டேன்.

*வாடகைக்கு: 2 படுக்கையறை வீடு, முதல் மாடி*
இடம்: (பகுதி, தெரு). பேருந்து நிறுத்தத்திலிருந்து 5 நிமிட நடை
*வாடகை:* மாதம் 100 + பராமரிப்பு 8 (தண்ணீர் உட்பட). மின்கட்டணம் தனி
*முன்பணம்:* 300, ஒப்பந்தம் போடும் நாளில். காலி செய்து சாவி தரும் நாளில் திருப்பித் தரப்படும். பாக்கியும் சேதமும் மட்டும் கழிக்கப்படும்
லிஃப்ட் இல்லை. ஒரு பைக் நிறுத்தலாம், கார் நிறுத்த இடமில்லை
4 பேர் வரை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் வேண்டாம். செல்லப்பிராணி வளர்க்கலாம்
குடியேற: ஜூலை 1 முதல்
*வீடு பார்க்க:* ஜூன் 15 சனி, 16 ஞாயிறு, மாலை 4 முதல் 6 வரை மட்டும். நேரம் கேட்டு மெசேஜ் அனுப்பிவிட்டு வரவும்
தொடர்புக்கு: (எண்), மெசேஜ் மட்டும். பார்க்கும் முன் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்
பதிந்த நாள்: ஜூன் 12. ஜூன் 30க்கு மேல் செல்லாது

பத்தே வரி. செய்தி நீண்டால் செயலி பாதியிலேயே வெட்டி, மீதியைத் தொட்டுப் படிக்கச் சொல்லும். பலர் தொடுவதில்லை. என் பழைய விளம்பரத்தில் "வாடகை நேரில்" என்ற வரியே அந்த வெட்டுக்குக் கீழேதான் இருந்தது. அதனால் இந்தத் தடவை வாடகை மூன்றாவது வரியைத் தாண்டவில்லை. சொல்லின் இரு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகத் தெரியும். தலைப்புக்கும் இன்னும் மூன்று சொற்களுக்கும் மட்டும் போட்டேன், எல்லாவற்றையும் தடித்தால் எதுவும் தடிப்பாகத் தெரியாது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்பதும் உதவியது: முதலில் 15 ஞாயிறு, 16 திங்கள் என்று போட்டிருந்தேன், அக்காதான் பார்த்துச் சொன்னாள்.

படங்களை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. முதல் விளம்பரத்தின் படங்களை யாரோ எடுத்து, குறைந்த வாடகை போட்டு, வேறு எண்ணோடு இன்னொரு குழுவில் சுற்றவிட்டிருந்தார்கள். வீடு பார்க்க வந்த ஒருவர் காட்டித்தான் எனக்கே தெரிந்தது. "டோக்கன் அனுப்பினால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன்" என்று அந்த எண்ணிலிருந்து கேட்டார்களாம். நல்லவேளை, அவர் அனுப்பவில்லை. பணம் அனுப்ப வேண்டாம் என்ற வரி வந்தது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஏழு படத்தோடு போட்டால், அனுப்புகிறவர் தனக்குப் பிடித்த இரண்டை மட்டும் அனுப்புவார், எழுத்து அவற்றோடு போகாமல் போகலாம். வெறும் எழுத்தாக இருந்தால் முழுசாகப் போகும். படம் கேட்டவர்களுக்குத் தனியாக அனுப்பினேன்.

இரண்டாவது விளம்பரத்துக்கு மூன்று நாளில் 11 மெசேஜ். முதலில் கொஞ்சம் பயந்தேன், 31 எங்கே 11 எங்கே என்று. ஆனால் அந்த 11 பேரில் ஒருவர்கூட வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது "நான்கு மணிக்கு வரலாமா, ஐந்துக்கு வரலாமா?" என்பதைத்தான். இரண்டு மணி நேரத்தை 20 நிமிடமாக வெட்டி, ஒரு நாளைக்கு ஆறு பேர் என்று கொடுத்தேன். வீட்டைச் சுற்றிப் பார்க்க பத்து நிமிடம் போதும். மீதி, வந்தவர் தாமதமானால் அடுத்தவரோடு மோதாமல் இருக்க. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பார்த்தால் இருவருமே மனம் விட்டுக் கேள்வி கேட்பதில்லை. அன்று காலை பத்து மணிக்குள் 'வருகிறேன்' என்று உறுதி செய்யாதவர்களின் நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். அப்படியும் ஒருவர் உறுதி செய்துவிட்டு வரவில்லை. அதற்கு விளம்பரத்தில் மருந்தில்லை.

மாடிப் பெண்ணிடம் இந்த நேரத்தை முன்பே கேட்டு முடிவு செய்திருந்தேன். நாலு மணிக்குக் குழந்தை எழுந்துவிடும் என்றார். அந்த இரண்டு நாளும் அவரே கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் எப்படி வரும், எந்த அறையில் மதிய வெயில் அடிக்கும் என்றெல்லாம் வந்தவர்களுக்குச் சொன்னார். எனக்கே தெரியாத விஷயங்கள் சில.

ஞாயிறு மாலை வந்தவர்கள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். முதல் விளம்பரத்தைப் பார்த்துக் கேட்ட அதே அண்ணன் தங்கைதான். அன்றிரவே என் விளம்பரத்துக்கே பதில் செய்தியாக "வாடகைக்குப் போய்விட்டது, நன்றி" என்று போட்டு, நேரம் கேட்டுக் காத்திருந்தவர்களுக்குத் தனித்தனியாகவும் சொன்னேன்.

இப்போது செப்டம்பர். போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு: "சார், காற்றோட்டமான மாடி வீடுன்னு போட்டிருக்கீங்களே, இன்னும் இருக்கா? வாடகை எவ்வளவு?" தேதி போடாத அந்த முதல் விளம்பரம் இன்னும் எந்தெந்தக் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ!