அந்த மூன்றாவது வாரம்

தகடு செலவு எவ்வளவு கூடினால் விசாரிப்பது என்று நான் போட்ட சார்ட்டைப் பார்த்து, "இந்த வரம்பை எதிலிருந்து எடுத்தீங்க சார்?" என்று பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் கேட்டபோது, கடந்த 20 வாரங்களின் மெட்டீரியல் வேரியன்ஸிலிருந்து, அதாவது ஸ்டாண்டர்டாக நிர்ணயித்த அளவைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகச் செலவானது என்பதிலிருந்து என்றேன். "அதுல மூணு வாரம் தகடு வெட்டுற அந்த டை தேய்ஞ்சு தகடு வீணாச்சே, அதுவும் சேர்த்தியா?" என்றார். சேர்த்திதான். அதை நான் யோசித்திருக்கவில்லை.

அதுவரை எங்களுக்கு இருந்தது ஒரே விதி: ஸ்டாண்டர்டைவிட 5 சதவீதம் கூடினால் விசாரி. அந்த 5 எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாகத்தான் கண்ட்ரோல் சார்ட் போட்டேன். சராசரியோடு மூன்று மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டினால் மேல் வரம்பு. அதற்குள் இருந்தால் வழக்கமான ஏற்ற இறக்கம், தாண்டினால் போய்ப் பார்க்க வேண்டும். 20 வாரங்களுக்கும் சராசரி 1.2 சதவீதம், திட்டவிலக்கம் 1.7, எனவே வரம்பு 6.3.

டை தேய்ந்திருந்த வாரங்களின் வேரியன்ஸ் 4.5, 4.8, 4.2. மூன்றும் 6.3-க்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. அவையே வரம்பைத் தூக்கிவிட்டு, அதே வரம்புக்கு அடியில் ஒளிந்துகொண்டன. மூன்றையும் எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டால் சராசரி 0.6, திட்டவிலக்கம் 1.0, வரம்பு 3.6.

அப்படியே எடுத்துவிட்டிருக்கலாம். ஆனால் ஷிஃப்ட் ஏட்டில் டை பற்றி எழுதியிருந்தது முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும். "ஏட்டுல இல்லாட்டி என்ன சார், அதே டைதானே" என்றார் சூப்பர்வைசர். காரணம் பதிவாகியிருந்தால்தான் ஒரு வாரத்தை நீக்குவேன் என்றேன். அந்த இரண்டை மட்டும் நீக்கினேன். வரம்பு 4.7 ஆனது.

அந்த முடிவு இப்போதும் எனக்குச் சரி என்றுதான் படுகிறது. எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து வாரங்களை நீக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே இல்லை. நீக்க நீக்க வரம்பு சுருங்கும், முன்பு உள்ளே இருந்தது வெளியே தெரியும், பிறகு அதையும் நீக்கத் தோன்றும். கடைசியில் கையில் மிஞ்சுவது நாம் பார்க்க விரும்பிய தொழிற்சாலை, நிஜத்தில் ஓடுவது அல்ல.

ஆனால் அந்த ஏட்டை எழுதுபவர் யார்? சூப்பர்வைசருடைய ஆட்கள்தான். எழுத மறந்தால் வரம்பு தளரும் என்று நானே ஒரு வழியைத் திறந்துவைத்தேனோ என்றும் தோன்றுகிறது. அவரே முன்வந்து சொன்ன தகவலை, காகிதத்தில் இல்லை என்று தள்ளியதும் நான்தான்.

அப்புறம் ஒரு வாரம் 4.1 வந்தது. 4.7-க்கு உள்ளே, 3.6-க்கு வெளியே. இதை விசாரிப்பதென்றால் ஸ்டோரில் தகடு வழங்கல் சீட்டுகளைச் சரிபார்க்க ஒருவர், கழிவை எடைபோட ஒருவர் என்று அரை நாள் போய்விடும். சார்ட் அந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை. விசாரிக்காமல் விட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதையும் எடுப்பதில்லை. நான் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் 0.9. சரி, தானாக அடங்கியது என்று விட்டேன். தானாக அடங்கியதா, யாராவது டையைச் சத்தமில்லாமல் தீட்டிவைத்தார்களா என்று தெரிந்துகொள்ள அந்த வாரம் மட்டும்தான் வாய்ப்பு இருந்தது.

பிறகு வேறு வழியிலும் போட்டுப் பார்த்தேன். மொத்தத் திட்டவிலக்கத்துக்குப் பதிலாக, ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியை எடுத்து 2.66-ஆல் பெருக்கி, அதைச் சராசரியோடு கூட்டும் முறை. மூன்று கெட்ட வாரங்களும் அடுத்தடுத்து வந்தவை என்பதால், பெரிய தாவல் உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, அவ்வளவுதான். அதனால் வரம்பு அவ்வளவாக வீங்காது. 20 வாரங்களையும் வைத்துக்கொண்டே ஏறக்குறைய 4.7 வந்தது. பார்த்தீர்களா, என் எண்தான் என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலே 4.8 வாரம் தனியாகத் தலைநீட்டி நின்றது. முதல் நாளே இப்படிப் போட்டிருந்தால் டை பற்றி நானேதான் அவரிடம் கேட்கப் போயிருப்பேன்.

கேட்டிருந்தால் மூன்றாவது வாரத்தைப் பற்றியும் சொல்லியிருப்பார், அப்போதும் ஏட்டில் அது இருந்திருக்காது. சார்ட்டில் இப்போதும் 4.7 தான் தடித்த கோடு. அதன் கீழே 3.6-இல் பென்சிலில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். விசாரணைக்கு அது கணக்கில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் திங்கட்கிழமை புது எண் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.