மாடிப்படி லைட்: இரண்டு சுவிட்சும் ஒழுங்காக வேலை செய்ய வைத்த கதை

எங்கள் மாடிப்படி லைட்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். மேலே உள்ளதை ஒரு பக்கம் அழுத்தி வைத்திருந்தால் கீழ் சுவிட்ச் நன்றாக வேலை செய்யும். யாராவது அதை மறுபக்கம் தட்டிவிட்டால், கீழே எப்படித் தட்டினாலும் லைட் எரியாது. "மேல சுவிட்சை யாரும் தொடாதீங்க" என்று அம்மா வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிட்டார். பழைய சுவிட்சுகளைக் கழற்றிப் புதுசு போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்பதால், சுவரை உடைக்காமலே சரி செய்யலாம் என்று தோன்றியது.

பெட்டியைத் திறப்பதற்கு முன் படத்தைத் தாளில் வரைந்துகொண்டேன். சாதாரண சுவிட்சில் இரண்டு முனைகள்தான். டூ-வே சுவிட்சில் மூன்று: ஒன்று காமன், மற்ற இரண்டும் 1, 2 என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் காமன் 1-உடன் சேரும், மறுபக்கம் தட்டினால் 2-உடன் சேரும். 1-ம் 2-ம் தங்களுக்குள் ஒருபோதும் சேராது.

```
பேஸ் ──── காமன் (கீழ் சுவிட்ச்)
கீழ் 1 ── டிராவலர் ── மேல் 1
கீழ் 2 ── டிராவலர் ── மேல் 2
காமன் (மேல் சுவிட்ச்) ──── பல்பு ──── நியூட்ரல்
```

பேஸ் என்பது கரண்ட் வரும் ஒயர், தொட்டால் ஷாக் அடிப்பது. நியூட்ரல், பல்பு வழியாகப் போன கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்; அது நேராகப் பல்புக்குப் போகவேண்டும், இரண்டு சுவிட்சிலும் அதற்கு வேலை இல்லை. டிராவலர் என்பவை இரண்டு சுவிட்சுக்கும் நடுவே மட்டும் ஓடும் இரண்டு ஒயர்கள். எந்த நேரத்திலும் அவற்றில் ஒன்றில்தான் பேஸ் இருக்கும். கீழ் சுவிட்ச் எந்த டிராவலரில் பேஸை ஏற்றுகிறதோ, மேல் சுவிட்சும் அதே டிராவலரைப் பிடித்திருந்தால் லைட் எரியும். வேறு டிராவலரைப் பிடித்திருந்தால் எரியாது. இரண்டு டிராவலர்களும் இடம் மாறிவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பக்கம் தட்டினால் எரியும் என்பது மட்டும்தான் மாறும். காமன் மாறினால்தான் பிரச்சினை.

இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து நான்கு நிலைகள் உண்டு. வயரிங் சரியாக இருந்தால் அவற்றில் இரண்டில் எரியவேண்டும், இரண்டில் அணையவேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றில்தான் எரிந்தது. படத்தில் மேல் சுவிட்சின் காமனில் ஒரு டிராவலரையும், முனை 1-ல் பல்பு ஒயரையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேல் சுவிட்ச் 1 பக்கம் இருக்கும்போது அந்த டிராவலர் பல்புடன் சேருகிறது, கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது. 2 பக்கம் தட்டினால் இரண்டு டிராவலர்களும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன, பல்பு ஒயர் தனியாகத் தொங்குகிறது. எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இதுதான். ஆனால் கீழ் சுவிட்சில் இதே தவறு இருந்தாலும் நான்கில் ஒன்றுதான் எரியும், அதனால் எந்தப் பெட்டியில் தவறு என்பதைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

திறப்பதற்கு முன் ஒன்று. மாடிப்படி லைட் பல வீடுகளில் இன்வெர்ட்டரில் இருக்கும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் அந்த ஒயருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் முதலில் இன்வெர்ட்டரை முழுவதுமாக நிறுத்தி, அப்புறம் மெயினை இறக்கினேன். டெஸ்டர் நன்றாக வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் முன்கூட்டியே பார்த்துவைத்து, இரண்டு பெட்டியிலும் எல்லா முனையிலும் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தேன்.

மேல் பெட்டியில் மூன்று ஒயரும் சிவப்பு. எது பல்புக்குப் போவது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. இதற்கு எளிமையான வழி உண்டு. பல்பைக் கழற்றிவிட்டேன். கீழ் பெட்டியில் பேஸ் ஒயர் காமனில்தான் இருந்தது, மீதி இரண்டையும் சுவிட்சிலிருந்து எடுத்து அவற்றின் முனைகளை ஒன்றாக முறுக்கினேன். மேலே மூன்று ஒயரையும் சுவிட்சிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து இரண்டிரண்டாகத் தொட்டேன். எந்த இரண்டு சேரும்போது பீப் சத்தம் வருகிறதோ அவை டிராவலர்கள், மிஞ்சியது பல்பு ஒயர். அதில் உடனே நீல டேப் சுற்றினேன்.

சுவிட்சிலும் காமன் எது என்பதை நடு முனைதான் என்று நம்பி விட்டுவிடக்கூடாது. பல சுவிட்சுகளில் நடுவில்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. கழற்றிய சுவிட்சில் மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும்: எந்த இரண்டு முனைகள் எப்படித் தட்டினாலும் பீப் தருவதே இல்லையோ அவை 1-ம் 2-ம். மற்றது காமன். எங்கள் மேல் சுவிட்சில் காமன் நடுவில் இருந்தது, அதில் டிராவலர் ஒன்று இருந்தது, பல்பு ஒயர் ஓரத்தில். இரண்டையும் இடம் மாற்றினேன். கீழே முறுக்கியதைப் பிரித்து டிராவலர்களைத் தங்கள் முனைகளில் மாட்டி, திருகுகளை நன்றாக இறுக்கினேன். கரண்ட் கொடுத்ததும் நான்கு நிலைகளில் இரண்டில் எரிந்தது.

அன்று இரவு வேறொன்று கண்ணில் பட்டது. அணைத்த பிறகும் 9 வாட் எல்இடி பல்பு மங்கலாக மினுமினுத்தது. நியூட்ரலைச் சுவிட்சில் உடைத்திருந்தாலும் இப்படி வரும், ஆனால் கீழே காமனில் பேஸ் இருப்பதை ஏற்கெனவே பார்த்திருந்ததால் அது இல்லை. டிராவலர்கள் இரண்டும் ஒரே பைப்பில் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் பேஸ் இருக்கும்போது பக்கத்து ஒயரில் சிறிது மின்னழுத்தம் ஏறிவிடுகிறது, அணைந்த நிலையில் மேல் காமன் அந்த ஒயரோடு சேர்ந்திருப்பதால் அது பல்புக்குப் போகிறது. பழைய குண்டு பல்பு இதைக் காட்டவே காட்டாது. இதே காரணத்தால் டெஸ்டரும் சும்மா இருக்கும் டிராவலரில் மங்கலாக எரியும், அதை நம்பி "இரண்டிலும் பேஸ்" என்று முடிவு கட்டக்கூடாது. வேறு நிறுவனத்தின் பல்பைப் போட்டதும் மினுமினுப்பு நின்றது. நிற்காவிட்டால் பல்புக்கு இணையாக, அதற்கென்றே விற்கும் கெபாசிட்டரை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடலாம்.

கீழுக்கும் மாடிக்கும் தனித்தனி மீட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்றைப் பார்க்கவேண்டும். பேஸ் கீழ் மீட்டரிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடைக்கிறதே என்று மாடி மீட்டரிலிருந்தும் எடுத்திருப்பார்கள். லைட் எரியும், ஆனால் கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டதும் தொல்லை ஆரம்பிக்கும். போன கரண்ட் அதே வழியில் திரும்பாவிட்டால் ஆர்சிசிபி அதைக் கசிவாகவே எடுத்துக்கொள்ளும். 9 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 39 மில்லி ஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி வழக்கமாக 30-க்குள் விழுந்துவிடும். மாடிப்படி லைட்டைப் போட்டவுடனே ஆர்சிசிபி விழுகிறது என்றால் சுவிட்சை விட்டுவிட்டு நியூட்ரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அந்த ஒயரை மாற்றி இழுப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யவேண்டிய வேலை. மொட்டை மாடிக்கு மூன்றாவது சுவிட்ச் போடும் எண்ணம் எனக்கு இருக்கிறது. அதற்கு நடுவில் நான்கு முனை கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச் வேண்டும், இரண்டு டிராவலர்களையும் அதன் வழியாகக் கொண்டுபோகவேண்டும். அதற்குப் பைப்பில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.